ஏழாம் சுருளில் இல்லாத சிறுவன்

என் மனைவியின் தங்கைக்கு எங்கள் வீட்டில் ‘எதிர்க்கேள்வி’ என்று பெயர். பெயரை வைத்தவள் அவளுடைய அக்காவேதான். ஒரு தனியார் கல்லூரியில் ஒப்பந்த அடிப்படையில் இயற்பியல் கற்பித்துவந்த அவள், எங்கள் வீட்டு மாடியறையில் தனியாகக் குடியிருந்தாள். ஒப்பந்தம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும். ஊதியம் மட்டும் புதுப்பிக்கப்படுவதில்லை. திருமணப் பேச்சை எடுத்தவர்களிடமெல்லாம் அவள் கேட்ட எதிர்க்கேள்விகளைத் தொகுத்தால் ஒரு வினாவங்கியே வெளியிடலாம் என்று என் மனைவி சொல்வாள்.

அவள் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்ததற்குக் காரணம் ஓர் இரும்பு பீரோ. அதை மாடிக்கு ஏற்ற நான்கு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் குரல் கொடுக்க, மற்ற மூவரும் பதில் குரல் கொடுத்தபடி படிப்படியாக ஏறினார்கள். நாங்கள் சுவரில் கீறல் விழுமோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம். அவளோ படிக்கட்டின் அடியில் குந்தி உட்கார்ந்து அவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பீரோ மேலே போய்ச் சேர்ந்ததும் என்னிடம் கேட்டாள்: “அத்தான், அவர் குரல் கொடுத்த பிறகு கால் நகருதா, கால் நகர்ந்த பிறகு குரல் வருதா?”

குரல் கொடுத்த பிறகுதான் கால் நகரும், இதில் என்ன சந்தேகம் என்றேன். “நீங்க பாத்தீங்களா?” என்றாள். பார்க்கவில்லை. எழுதப்பட்ட நூல்களெல்லாம் என்னைப் போலவே பார்க்காமல் சொல்லியிருந்தன என்பது பிறகு தெரியவந்தது. குரல் கட்டளையிடுகிறது, உடல் கீழ்ப்படிகிறது என்பதே உழைப்புப் பாடல்களை ஆராய்வோர் எல்லாரும் ஒப்புக்கொண்ட கருத்து. அதை அளந்து பார்ப்பதே அவளுடைய ஆய்வாயிற்று.

பாரம் சுமப்போரின் பாட்டைப் பதிவு செய்தவர்கள் மிகக் குறைவு. அப்படிப் பதிவு செய்தவர்களும், வேலை செய்பவர்களை ஓர் அறைக்கு அழைத்து, நிற்கவைத்துப் பாடச் சொன்னார்கள். தோளில் பாரம் இல்லாதபோது பாடப்படும் பாட்டில் காலடி ஏது? இந்த இடர்ப்பாட்டை உணர்ந்த ஒரே ஆய்வாளர் பல்லாண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். அவர் கல் சுமக்கும் குழு ஒன்றைப் பதிவு செய்த ஏழு ஒலிநாடாச் சுருள்கள் தலைநகரின் ஒலிக் காப்பகத்தில் இருந்தன. முதல் ஆறும் மின்வசதியுள்ள கொட்டகையில், நின்று பாடியவை. ஏழாவது மட்டும், அவர் பேட்டரியில் இயங்கும் சிறிய டேப் ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு, கல்லோடு இறங்கும் குழுவின் பின்னாலேயே சரிவில் நடந்து பதிவு செய்தது. ஆறு சுருள்களையும் அவள் காப்பகத்தின் கேட்பறையில் தலையணிக் கருவி மாட்டிக்கொண்டு கேட்டு முடித்திருந்தாள். ஏழாவதைத் தரும்படி கேட்டபோது, அது தடைப்பட்டியலில் இருக்கிறது, எழுத்துவழி விண்ணப்பிக்கவேண்டும் என்றார்கள்.

அவளுடைய பதிவுக்காலம் ஏற்கெனவே ஒருமுறை நீட்டிக்கப்பட்டிருந்தது. மறுமுறை நீட்டிப்பு இல்லை என்று பல்கலைக்கழகம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆண்டு முடிவதற்குள் ஆய்வேடு போகாவிட்டால் பதிவு இரத்து. ஏழாம் சுருள் இல்லாவிட்டால் ஆய்வேட்டில் கேள்வி இருக்கும், விடை இருக்காது.

கடிதத்தை அவளே எழுதினாள். சந்திப்பிழைகளை மட்டும் நான் திருத்தினேன். ஆய்வின் தலைப்பு, நெறியாளரின் ஒப்புதல், சுருளின் பட்டியல் எண், எந்தப் பகுதி எதற்குத் தேவை, நகல் வேண்டாம், கேட்பறையில் கேட்டாலே போதும் என்று அனைத்தும் அதில் இருந்தன. ஒரு காப்பகத்துக்கு எழுதப்படவேண்டிய முறையில் எழுதப்பட்ட கடிதம் அது. பதில் நெடுநாள் கழித்து வந்தது. அதன் சாரம் இதுதான்: சுருளில் ஒரு சிறுவனின் குரல் இருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதவர்களின் குரல் உள்ள பதிவுகளை, அவர்களுடைய அல்லது பாதுகாவலருடைய எழுத்துவழி இசைவின்றி எவருக்கும் திறப்பதில்லை. சிறுவனின் பெயர் பதிவாகவில்லை. ஆகவே இசைவு பெறுவது விண்ணப்பதாரரின் பொறுப்பு.

பெயர் தெரியாத ஒருவரைத் தேடிப்பிடித்து இசைவு வாங்கி வரவேண்டுமாம். விதி நல்ல விதிதான்; அதை நான் குறை சொல்லவில்லை. குழந்தைகளின் குரலைக் கண்டவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது. ஆனால் நல்ல விதியைக் கையில் வைத்திருப்பவர் கண்ணையும் காதையும் வீட்டில் வைத்துவிட்டு வரலாம் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

பதிலோடு பட்டியல் குறிப்பின் நகலும் இணைக்கப்பட்டிருந்தது. எதிர்க்கேள்வி அதைப் படித்துவிட்டு முதலில் முகம் சுளித்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து என்னவென்று கேட்டாள்.

“அக்கா, கேளு. ‘தொடக்கத்தில் ஆண்கள் குழு. நடுப்பகுதியில் பெண்கள் குழு. இறுதியில் ஒரு சிறுவன்.’ மலையில இறங்க இறங்க ஆம்பளைங்க பொம்பளையா மாறி, கடைசியில குழந்தையாயிட்டாங்க.”

“நல்லவேளை, மலை அதோட முடிஞ்சுது” என்றாள் என் மனைவி.

எனக்கு விளங்கவில்லை. எதிர்க்கேள்வி மேசை விசிறியின் வேகத்தைக் குறைத்துக் கூட்டிக் காட்டி விளக்கினாள். பேட்டரி தீரத் தீர டேப் ரெக்கார்டர் மெதுவாகச் சுற்றும். மெதுவாகச் சுற்றிப் பதிந்த நாடாவைப் பிறகு சரியான வேகத்தில் ஓடவிட்டால், குரல் விரைந்து, மேலே ஏறி, கீச்சென்று கேட்கும். சரிவில் இறங்கியது தொடக்கம் முதல் இறுதிவரை அதே ஆண்கள்தான். இறங்கியது அவர்கள் மட்டும் அல்லர், பேட்டரியும் இறங்கியது. இதை நிரூபிக்கவும் அவளிடம் வழி இருந்தது. அந்த ஆய்வாளர் ஒழுங்கான மனிதர். ஒவ்வொரு சுருளின் தொடக்கத்திலும் முடிவிலும் சுருதி பார்க்கும் சிறு குழலை ஒருமுறை ஊதிவைப்பது அவர் வழக்கம். பிற்காலத்தில் வேகம் பிசகினால் கண்டுபிடிப்பதற்காகவே அந்தத் துறையினர் அப்படிச் செய்வார்கள். ஆறு சுருள்களிலும் அந்தக் குழலின் ஒலி ஒரே சுருதியில் இருந்ததை அவள் கேட்டிருந்தாள். ஏழாவதிலும் அவர் ஊதியிருப்பார். இரு முனைகளிலும் அந்த ஒலியை அளந்தால் போதும்.

இரண்டாம் கடிதம் எழுதப்பட்டது. அதன் ஒரு பத்தி இன்னும் எனக்கு நினைவிருக்கிறது: “பதிவை எனக்குத் திறக்குமாறு இக்கடிதத்தில் நான் கேட்கவில்லை. தங்கள் ஒலிப் பொறியாளர், பாடகர் குரல் எதையும் கேட்காமல், சுருளின் இரு முனைகளிலும் உள்ள குழலொலியை மட்டும் அளந்து சொன்னால் போதுமானது. இரண்டும் ஒரே சுருதியில் இருந்தால் என் விண்ணப்பத்தை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.”

இதைவிட நியாயமாக ஒருவர் எப்படிக் கேட்க முடியும்? வந்த பதில் இரண்டே வரி. தடைப்பட்டியலில் உள்ள பதிவுகள் பாதுகாப்புப் பணிக்காக அன்றி வேறு நோக்கத்துக்காக ஆய்வு செய்யப்படுவதில்லை. தங்கள் ஆர்வத்துக்கு நன்றி.

அந்த ‘ஆர்வத்துக்கு நன்றி’ என்ற சொற்களைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட கோபத்தை அளக்க ஒரு குழலும் போதாது. ஆர்வமாம். அவளுடைய நெறியாளரோ வேறு தலைப்பில் ஓர் இயலைச் சேர்த்து முடித்துவிடு, அலுவலகங்களோடு மோதாதே என்று அறிவுறுத்தினார். அவரும் தம் பதவி உயர்வை எதிர்நோக்கியிருந்தவர். அவள் அவரிடம் ஒன்றும் எதிர்த்துக் கேட்கவில்லை. அதுதான் எங்களை அச்சுறுத்தியது. மாடியில் விளக்கு எரியும். காலடிச் சத்தம் மட்டும் கேட்கும். சாப்பிட இறங்கிவந்தால் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தனியாக அனுப்ப மனமின்றி நானும் உடன் சென்றேன்.

காப்பகம் நான்கு மாடிக் கட்டடம். குளிரூட்டப்பட்ட கிடங்குகள் கீழே. இயக்குநரின் அறை மேலே. சுருள்களுக்குக் கிடைத்த குளிர்ச்சி வந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. நடைவழியின் பிளாஸ்டிக் நாற்காலிகளில் நெடுநேரம் வியர்த்துக்கொண்டு அமர்ந்திருந்தோம். இயக்குநர் மரியாதை தெரிந்தவர். என்னை அமரச் சொல்லித் தண்ணீர் வரவழைத்தார். ஆனால் பேச்சு எங்கே தொடங்கியதோ அங்கேயே வந்து நின்றது.

“குழந்தைங்க விஷயம் மேடம். நாளைக்கு யாராவது கேஸ் போட்டா நான்தான் பதில் சொல்லணும்.”

“குழந்தையே இல்லன்னா, சார்?”

“இல்லன்னு நிரூபிங்க.”

“கேட்டாத்தானே நிரூபிக்க முடியும்.”

“கேக்கறதுக்கு அனுமதி வேணுமே.”

“அந்த அனுமதி?”

“குழந்தை இல்லன்னு நிரூபிச்சா தரலாம்.”

தாம் சொன்னது தம் காதிலேயே விழுந்திருக்கவேண்டும். இயக்குநர் மேசைமேல் இருந்த பேனாவைச் சற்று நகர்த்தி வைத்தார். அப்போது எதிர்க்கேள்வி தன் பெயருக்கேற்ற ஒரு கேள்வியைக் கேட்டாள். குரலை உயர்த்தவே இல்லை.

“குழந்தை இருக்குன்னு நீங்க எப்படி சார் நிரூபிச்சீங்க? யார் கேட்டாங்க?”

இயக்குநர் தொலைபேசியை எடுத்தார். ஒலிப் பொறியாளரை அழைத்தார். வந்தவர் நடுவயதுப் பெண். கழுத்தில் மூக்குக்கண்ணாடிச் சங்கிலி தொங்கியது. சுருள்களைக் கணினிக் கோப்புகளாக மாற்றியபோது பட்டியல் எழுதும் வேலை தற்காலிகப் பணியாளர்களிடம் தரப்பட்டது என்றும், ஒவ்வொரு சுருளிலும் முதல், நடு, கடைசி என மூன்று இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுக் குறிப்பு எழுதினார்கள் என்றும், முழுவதையும் கேட்க நேரம் ஒதுக்கப்படவில்லை என்றும் அவர் சொன்னார். முழுவதையும் கேட்டிருந்தால், ஒரே குரல் சிறிது சிறிதாக ஏறிக்கொண்டே போவது எவர் காதுக்கும் புலப்பட்டிருக்கும். மூன்று துண்டுகளாகக் கேட்டதால் அது மூன்று கூட்டமாயிற்று. அந்த மூன்று துண்டுகளின்மேல்தான் ஒரு தடையை எழுப்பி, பூட்டுப் போட்டு, அறத்தின் பெயரால் காவல் காத்துக்கொண்டிருந்தார்கள்.

“வேகம் சரியான்னு பாக்கறது பாதுகாப்புப் பணிதான் சார்” என்றார் பொறியாளர், யாரையும் பார்க்காமல். “நான் எப்ப வேணாலும் செய்யலாம். யாரும் கேக்கல, செய்யல.”

இயக்குநர் தலையசைத்தார். பொறியாளர் கீழே சென்று, எங்களுக்கு இரண்டாவது முறை தண்ணீர் வந்த நேரத்தில் திரும்பினார். முதலில் ஊதிய குழல் சரியான சுருதியிலிருந்து கொஞ்சமே பிசகியிருந்தது. கடைசியில் ஊதியது ஏறக்குறைய ‘ச’விலிருந்து ‘ப’வுக்குப் போயிருந்தது. அதே குழல். சரியான வேகத்துக்கு இறக்கிக் கேட்டதில் சிறுவன் நாற்பது வயதுக் கட்டைக்குரல்காரராகிவிட்டார். “நல்லா பீடி குடிச்ச குரல்” என்றார் பொறியாளர்.

இத்துடன் முடிந்தது என்றே நினைத்தேன். மறுவாரம் காப்பகத்தின் ஒப்புதல் கடிதமும் வந்தது. மீண்டும் சென்றோம். கேட்பறைக்குள் நுழையுமுன் கையெழுத்திட ஓர் உறுதிமொழித் தாளை நீட்டினார்கள். அதில் நான்காம் பிரிவு: “இப்பதிவில் இடம்பெற்றுள்ள சிறாரின் குரலைப் பகுப்பாய்வு செய்தோ மேற்கோள் காட்டியோ எவ்வடிவிலும் வெளியிடமாட்டேன் என உறுதியளிக்கிறேன்.”

கேட்கலாம், எழுதக்கூடாது. அதாவது சோற்றைப் பார்க்கலாம், கை வைக்கக்கூடாது.

இயக்குநரிடம் போனோம். பட்டியல் குறிப்பைத் திருத்தும் அதிகாரம் குழுவுக்குத்தான் உண்டு, குழு அடுத்த காலாண்டில்தான் கூடும், அதுவரை பட்டியலில் சிறுவன் இருக்கிறான், சிறுவன் இருக்கும்வரை இந்தத் தாள்தான் என்றார். அவருடைய பொறியாளரே அளந்த அளவு அவர் மேசையிலேயே இருந்தது. அடுத்த காலாண்டு என்றால் அவளுடைய பதிவுக்காலம் முடிந்திருக்கும்.

நடைவழிக்கு வந்து, கையெழுத்துப் போட்டுவிடு என்று நான்தான் சொன்னேன். முதலில் கேட்டுவிடு, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், யார் வந்து நான்காம் பிரிவைப் புரட்டப்போகிறார்கள் என்றேன். முப்பது ஆண்டுகள் பள்ளி ஆசிரியனாகப் பிள்ளைகளுக்கு நேர்மை கற்பித்த வாயால் அதைச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை.

“அத்தான், இதுல கையெழுத்துப் போட்டா, அங்க ஒரு பையன் இருக்கான்னு நானும் சொல்றேன்னு அர்த்தம். கல்லு தூக்கினவங்க பேரத்தான் யாரும் எழுதிவைக்கல. குரலையாவது அவங்களோடதுன்னு ஒத்துக்க வேண்டாமா? நாப்பது வயசு ஆளு, தோள்ல கல்லோட இறங்கறாரு. அவரக் குழந்தைன்னு சொல்லி நான் பட்டம் வாங்கணுமா?”

மீண்டும் இயக்குநரின் அறைக்குள் போனாள். நின்றபடியே பேனாவை எடுத்து நான்காம் பிரிவின் மேல் ஒரு கோடு இழுத்தாள். ஓரத்தில், “இப்பதிவில் சிறார் எவரும் இல்லை, காப்பகப் பொறியாளரின் அளவீட்டைக் காண்க” என்று எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் இட்டாள். கீழே முழுக் கையெழுத்திட்டுத் தாளை அவர் முன் வைத்தாள்.

“இப்படி அடிச்சுத் திருத்தினா செல்லாது மேடம்.”

“நீங்களும் பக்கத்துல சுருக்கொப்பம் போட்டா செல்லும், சார். போட முடியாதுன்னா, ஏன் முடியாதுன்னு காரணத்த அந்தத் தாள்லயே எழுதிக் குடுங்க. நான் போயிடறேன்.”

இயக்குநர் தாளையும் அளவீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கெட்டவர் அல்லர்; கையெழுத்துக்கு அஞ்சியவர். கையெழுத்திட்டால் ஒருவிதப் பழி, காரணம் எழுதினால் வேறுவிதப் பழி. அந்த அளவீட்டை வைத்துக்கொண்டு காரணம் எழுதுவது எப்படி என்று அவர் யோசித்திருக்கவேண்டும். பொறியாளரை மீண்டும் அழைத்து, “உறுதியாச் சொல்றீங்களா?” என்றார். “என் பேர்ல எழுதித் தந்திருக்கேனே சார்” என்றார் அவர். கோட்டின் அருகில் இயக்குநர் இரண்டெழுத்துச் சுருக்கொப்பம் இட்டார். எறும்பு அளவே இருந்தது. போதும்.

கேட்பறைக்குள் எனக்கு அனுமதி இல்லை. கண்ணாடிக் கதவு வழியே பார்த்தேன். இரு முனைகளின் குழலொலியை வைத்துப் பொறியாளர் வேகத்தைச் சரிசெய்து கொடுத்திருந்தார். நடுவில் பேட்டரி எந்த இடத்தில் எவ்வளவு இறங்கியது என்பதைத் துல்லியமாக அறிய வழியில்லை. ஆகவே நடையின் வேகத்தை அளந்தால் நம்ப முடியாது என்று எச்சரித்திருந்தார். ஆனால் அவளுக்கு வேண்டியது வேகம் அன்று, வரிசை. எது முந்தியது என்பதை எந்த பேட்டரியும் மாற்றிவிட முடியாது.

தலையணிக் கருவியோடு கண்ணை மூடியிருந்தாள். திரும்பத் திரும்பப் பின்னோக்கி ஓட்டிக் கேட்டாள். மாலையில் மூடும் நேரம் நெருங்கியபோது வெளியே வந்தாள்.

“என்னாச்சு?”

“கல்லு சறுக்குற சத்தம் கூடக் கேக்குது அத்தான். சரிவுல முதல்ல கால்தான். கால் ஊணினப்புறம்தான் குரல் வருது. அவர் கட்டளை போடல. எல்லாரு காலும் நின்னுடுச்சான்னு பாத்துச் சொல்றாரு. ‘நான் ஊணிட்டேன், நீ ஊணு’ன்னு.” பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “ஒரு இடத்துல குரலே வரல. ரொம்ப நேரம். யாரோ ஒருத்தர் கால் இன்னும் ஊணல போல. எல்லாரும் கல்லோட காத்துக்கிட்டு நிக்கறாங்க. மூச்சு மட்டும் கேக்குது” என்றாள்.

ஆய்வேடு உரிய காலத்தில் சமர்ப்பிக்கப்பட்டது, பட்டமும் கிடைத்தது. கல்லூரியில் அவள் இன்னும் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறாள். பட்டியலைத் திருத்தக் கோரி அவள் எழுதிய மூன்றாம் கடிதத்துக்குக் காப்பகம் இதுவரை பதில் அளிக்கவில்லை. காலாண்டுகள் பல கடந்துவிட்டன. குழுவும் கூடிக் கலைந்துகொண்டுதான் இருக்கிறது. சென்ற மாதம் வேறு பல்கலைக்கழகத்து மாணவர் ஒருவர் அவளைத் தொலைபேசியில் அழைத்தார். ஏழாம் சுருள் வேண்டுமென்று விண்ணப்பித்தாராம். சிறுவனின் பாதுகாவலரிடம் இசைவு பெற்று வருமாறு பதில் வந்திருக்கிறதாம்.

அவள் அவரைப் பேசி முடிக்கவிட்டாள். பிறகு, “எழுதிக்கோங்க” என்று சொல்லி, அவர் காப்பகத்துக்கு அனுப்பவேண்டிய கடிதத்தின் முதல் வரியிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.